ஒரே பொடி, இரண்டு பலன்: கடைச்சிறுகுடலை இழந்தவரின் பித்த உப்புக் கணக்கு

இங்கே வரும் நோயாளி ஒரு தனி மனிதர் அல்ல. குடல் அறுவைக்குப் பிறகு வார்டில் திரும்பத் திரும்பக் காணும் நிலைகளை ஒருவருடைய கதையாகக் கோத்து அமைத்த பாடநிகழ்வு இது. அளவுகளும் அப்படியே பொருத்தி எழுதப்பட்டவை.

ஆண், வயது 38, எடை 58 கிலோ. குடல் காசநோயால் கடைச்சிறுகுடலின் முனை சுருங்கி அடைபட்டதால் அறுவை செய்து 55 செ.மீ. கடைச்சிறுகுடலையும் பெருங்குடலின் தொடக்கப் பகுதியையும் எடுத்துவிட்டார்கள். காசநோய் மருந்துகள் முடிந்தன, புண் ஆறியது, பசி திரும்பியது. பேதி மட்டும் நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஆறேழு முறை, நீர்போல. அதிலும் பாதி, காலை உணவு முடித்த ஒரு மணி நேரத்துக்குள் வந்தது. ஏகாதசி விரதம் இருந்த நாளில் ஒருமுறைகூடப் போகவில்லை என்று அவரே சொன்னார். மலத்தில் எண்ணெய்ப் பசை இல்லை. தினம் 100 கிராம் கொழுப்புள்ள உணவைத் தந்து மூன்று நாள் மலத்தைச் சேகரித்துப் பார்த்ததில், நாளொன்றுக்கு 9 கிராம் கொழுப்பு வெளியேறியது. இயல்பில் இது 7 கிராமுக்குள் இருக்கும். ஆகவே சற்றே கூடுதல், அவ்வளவுதான்.

காலை உணவுக்கு முன் 4 கிராம் கோலஸ்டைரமைன் பொடியை நீரில் கலக்கித் தந்தார்கள். மூன்றே நாளில் பேதி இரண்டு முறையாகக் குறைந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, பழைய அறுவைத் தழும்பில் ஒட்டிக்கொண்ட குடல் முறுக்கி அழுகியது. இன்னும் 85 செ.மீ. வெட்ட வேண்டியதாயிற்று. இரு அறுவைகளிலும் போனது மொத்தம் 140 செ.மீ. கசிவு ஒன்று ஏற்பட்டதால் நான்கு வாரம் வாய்வழி ஏதும் தராமல், இரத்தக்குழாய் வழியாகவே முழு ஊட்டமும் தந்தார்கள். வீட்டுக்குப் போனபின் பேதி மறுபடி வந்தது. முன்பு கைகொடுத்த பொடி வீட்டிலேயே இருந்தது. ஒரு பொட்டலம் போட்டார், பலனில்லை. மூன்று பொட்டலமாக உயர்த்தினார், பேதி கூடியது. ஆறு வாரத்தில் 5 கிலோ குறைந்தது. மலம் வெளிறி, மிதந்து, கழுவினால் போகாத பிசுக்குடன் வந்தது.

மருந்தும் அதே, ஆளும் அதே. பலன் மட்டும் தலைகீழாகிவிட்டது. அதற்கான காரணம் பித்த உப்புகளின் வரவுசெலவில் இருக்கிறது.

மூன்று கிராம் செய்யும் இருபது கிராம் வேலை

கல்லீரல் ஒரு நாளில் சுரக்கும் பித்தநீர் ஏறத்தாழ 500 முதல் 1000 மி.லி. வரை. கல்லீரல் உயிரணுக்கள் பித்த உப்புகளை மிகச் சிறிய பித்தக் கால்வாய்களுக்குள் தள்ளுகின்றன. உப்பு போகும் இடத்துக்கு நீரும் பின்தொடரும். வழியிலுள்ள பித்தக்குழாய்ச் சுவர்கள், செக்ரெட்டின் ஹார்மோனின் தூண்டுதலில், பைகார்பனேட் நிறைந்த நீரைச் சேர்க்கின்றன. பித்த உப்பு திரும்பி வரும் அளவு குறைந்தால் சுரப்பின் அந்த முதல் பகுதியும் குறையும்.

உடலில் ஒரு சமயத்தில் இருக்கும் பித்த உப்பின் மொத்த இருப்பு 2 முதல் 4 கிராம்தான். நம் கணக்குக்கு 3 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது உணவுடன் குடலுக்குள் இறங்கிக் கொழுப்பைக் கரைத்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் அங்குள்ள தனிக் கடத்திப் புரதத்தால் பிடிக்கப்பட்டு, போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குத் திரும்புகிறது. கல்லீரல் அதைப் பொறுக்கியெடுத்து மறுபடி பித்தநீரில் விடுகிறது. ஒரு நாளில் ஏழு சுற்று என்று கொண்டால் குடல் வழியே கடப்பது 21 கிராம். மலத்தில் போவது அரை கிராம் அளவே. அதாவது ஒரு சுற்றில் நூற்றுக்கு 97, 98 பங்கு மீட்கப்படுகிறது. அந்த அரை கிராமை மட்டும் கல்லீரல் கொலஸ்டிராலிலிருந்து புதிதாகச் செய்து ஈடுகட்டினால் போதும்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்பதைக் கல்லீரலுக்குச் சொல்வதும் கடைச்சிறுகுடல்தான். பித்த உப்பை உறிஞ்சும்போது அதன் உயிரணுக்கள் எஃப்.ஜி.எஃப்.19 என்ற ஹார்மோனைப் போர்ட்டல் இரத்தத்தில் விடுகின்றன. பித்த உப்பு உற்பத்தியின் முதல் படியை நடத்தும் நொதியை அது அடக்குகிறது. கடைச்சிறுகுடல் போனால் அந்தக் கடிவாளமும் போய்விடும். கல்லீரல் உற்பத்தியை ஏறக்குறைய பத்து மடங்குவரை, நாளொன்றுக்கு 4 முதல் 6 கிராம்வரை உயர்த்தும். அதற்கு மேல் அதனால் முடியாது. இந்த உச்சவரம்புதான் நோயாளியின் இரண்டு கட்டங்களையும் பிரிக்கும் கோடு.

முதல் அறுவைக்குப் பின் ஒரு சுற்றில் மீட்பு 85 விழுக்காட்டுக்கு இறங்கியது என்று கொள்வோம். 21 கிராமில் 15 விழுக்காடு, அதாவது 3 கிராமுக்குச் சற்று மேல், தினமும் பெருங்குடலுக்குப் போகிறது. கல்லீரல் அதே 3 கிராமைச் செய்துவிடும். இருப்பு குறையவில்லை, மேல்குடலில் கொழுப்பைக் கரைக்க உப்பு போதுமான அளவு இருக்கிறது, அதனால் மலத்தில் எண்ணெய் இல்லை. ஆனால் பெருங்குடலுக்கு வழக்கத்தைவிட ஆறு மடங்கு பித்த உப்பு வந்து சேர்கிறது. பாக்டீரியா அதிலிருந்து கிளைசின், டாரின் இணைப்பை அறுத்து, ஒரு பகுதியை மேலும் மாற்றி, கீனோடிஆக்சிகோலிக், டிஆக்சிகோலிக் அமிலங்களாக விடுகின்றன. இவை பெருங்குடல் சுவரைக் குளோரைடும் நீரும் சுரக்கச் செய்யும். நீர்ப்பேதியின் காரணம் அதுவே. கோலஸ்டைரமைன் அந்த அமிலங்களைக் குடலுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொள்வதால் பேதி குறைந்தது.

இரண்டாம் அறுவைக்குப் பின் மீட்பு 40 விழுக்காடு என்று வைப்போம். மேல்குடலிலும் பெருங்குடலிலும் தானாக உட்புகும் சிறு பங்கு மட்டும்தான் இப்போது திரும்புகிறது. சுற்றுக்கு 60 விழுக்காடு இழப்பு, நாளுக்கு ஏழு சுற்று, கல்லீரல் தரக்கூடியது 5 கிராம். இழப்பும் வரவும் சமமாகும் இடத்தில் இருப்பு 5 ÷ (0.6 × 7), அதாவது 1.2 கிராமாக நிற்கும். குடல் வழியே கடப்பது 21 கிராமிலிருந்து 8 கிராமுக்குச் சரிகிறது. பித்த உப்புகள் ஒன்றுகூடி நுண்திரளாகிக் கொழுப்பைச் சுமக்க, குடல்நீரில் அவற்றின் செறிவு லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிமோலைத் தாண்ட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் இயல்பில் அது 5 முதல் 10 இருக்கும். இவரிடம் அது தேவையான எல்லைக்கே போராடுகிறது. கொழுப்பு கரையாமல் பெருங்குடலுக்கு இறங்கிவிடுகிறது.

இந்த எண்கள் ஒரு மாதிரிக் கணக்கு. உண்மையான உடலில் சுற்றுகளின் எண்ணிக்கையும் மாறும், குடல் ஓரளவு பழகியும் கொள்ளும். ஆனாலும் கோடு எங்கே விழுகிறது என்பதைக் கணக்கு சரியாகவே காட்டுகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹாஃப்மனும் போலியும் 1969-இல் கோலஸ்டைரமைன் ஆய்வையும், 1972-இல் அதன் தொடர்ச்சியையும் வெளியிட்டார்கள். குடல் குறைவாக நீக்கப்பட்டவர்களுக்குப் பொடி உதவியது. அதிகம் நீக்கப்பட்டவர்களுக்கு உதவவில்லை. அவர்களுக்குச் சாதாரணக் கொழுப்பைக் குறைத்து மாற்றுக் கொழுப்பு தருவதே கைகொடுத்தது. நடைமுறையில் 100 செ.மீ. என்ற எல்லை அதிலிருந்துதான் வந்தது. அது கத்தியால் வெட்டிய கோடு அல்ல. பெருங்குடலில் எவ்வளவு மிச்சம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்யும்.

விளக்கெண்ணெய் குடித்ததுபோல

இரண்டாம் கட்டத்தின் பேதி நீர்ப்பேதிபோலத் தோன்றினாலும் அதை நடத்துவது பித்த உப்பு அல்ல, கொழுப்பு அமிலம். உறிஞ்சப்படாத நீள்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களைப் பெருங்குடல் பாக்டீரியா ஹைட்ராக்சி அமிலங்களாக மாற்றுகின்றன. அவற்றின் அமைப்பு விளக்கெண்ணெயில் உள்ள ரிசினோலெயிக் அமிலத்தை ஒத்தது. வீட்டில் பேதியாக வேண்டும் என்று எதைத் தருவோமோ ஏறக்குறைய அதையே இவர் தம் குடலுக்குள் தினமும் தயாரித்துக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில் கோலஸ்டைரமைன் தந்தால், ஏற்கெனவே 1.2 கிராமாகச் சுருங்கிய இருப்பிலிருந்து இன்னும் பிடித்துக்கொண்டு போகும். கரையாத கொழுப்பு கூடும், பேதியும் கூடும். மூன்று பொட்டலம் போட்டதும் எடை சரிந்தது இதனால்தான். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களின் உறிஞ்சுதலும் இதோடு சேர்ந்தே இறங்கும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? இவரால் 100 கிராம் கொழுப்பு சாப்பிட முடியவில்லை. 60 கிராமாகக் குறைத்து, ஐந்து நாள் அதே உணவு, கடைசி மூன்று நாள் மலச் சேகரிப்பு. நாளொன்றுக்கு 24 கிராம் வெளியேறியது, அதாவது உண்டதில் 40 விழுக்காடு. உண்ட அளவைக் குறிக்காமல் "24 கிராம்" என்று மட்டும் எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ஆய்வகச் சீட்டுகளில் அடிக்கடி நேரும் குறை இது. சேகரிக்கும் நாட்களில் கோலஸ்டைரமைன் உள்ளே போயிருந்தாலும் முடிவு கெடும், ஆகவே ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்திலிருந்த அடைப்பிதழ் போய்விட்டதால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகியும் இதே படம் வரலாம், அவை மேலேயே பித்த உப்பின் இணைப்பை அறுத்துவிடும். இவருக்கு அந்தப் பாக்டீரியாவைக் கொல்லும் ரிஃபாக்சிமின் மருந்தைப் பத்து நாள் தந்து பார்த்தார்கள், கொழுப்பின் அளவு மாறவில்லை.

பை நிரம்பியது, காலியாகவில்லை

பித்தப்பையின் பங்கு பெரும்பாலும் மறக்கப்படும், இந்த நிகழ்விலும் அப்படித்தான் நடந்தது.

உணவு இல்லாத வேளையில் பித்தக்குழாய் குடலில் திறக்கும் வாயிலுள்ள சுருக்குத்தசை மூடியிருக்கும். கல்லீரலிலிருந்து வரும் பித்தநீரில் பெரும்பகுதி பைக்குள் ஒதுங்கும். பை கொள்வது 30 முதல் 50 மி.லி.தான், ஆனால் அதன் சுவர் சோடியத்தையும் நீரையும் உறிஞ்சிப் பித்தநீரை ஐந்து முதல் பத்து மடங்குவரை கெட்டியாக்கும். இரவு முழுக்க இப்படிச் சேர்வதால், பித்த உப்பு இருப்பில் பெரும்பங்கு விடியலில் பைக்குள் இருக்கும். காலை உணவு உள்ளே போனதும் அத்தனையும் ஒருசேர இறங்கும். முதல் கட்டத்தில் காலை உணவுக்குப் பின் பேதி குவிந்ததும், பொடியைக் காலையில் தந்தது பலித்ததும் இதனால்தான். படுக்கப்போகும் முன் தந்திருந்தால் பெரும்பகுதி வீண்.

பையை இறக்குவது கோலிசிஸ்டோகைனின், சுருக்கமாக சி.சி.கே. சிகாகோவில் ஐவியும் ஓல்ட்பெர்க்கும் 1928-இல் இதை விவரித்தார்கள். முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல் சுவர்களில் உள்ள ஐ-உயிரணுக்கள், கொழுப்பு அமிலமும் புரதச் சிதைவுப் பொருளும் பட்டவுடன் இதை இரத்தத்தில் விடும். அது பைத்தசையைச் சுருக்கி, குழாய் வாயிலின் சுருக்குத்தசையைத் தளர்த்தும். சுருக்கமும் தளர்ச்சியும் ஒன்றாக நடந்தால்தான் பித்தநீர் வழிந்தோடும். சாப்பாட்டுக்கு நடுவே மோட்டிலின் ஹார்மோன் பையைச் சிறிது சிறிதாகக் காலி செய்வதும் உண்டு, ஆனால் அது முழுதாக இறக்காது.

எந்தக் கொழுப்பு என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. சங்கிலியில் 12 அல்லது அதற்கு மேற்பட்ட கார்பன் உள்ள கொழுப்பு அமிலம்தான் சி.சி.கே.யை விடுவிக்கிறது. எட்டு, பத்து கார்பன் அமிலங்கள் அதைப் பெரிதாகத் தொடுவதில்லை.

இப்போது நான்கு வார ஊட்ட டிரிப்பை நினைத்துப் பாருங்கள். வாய்வழி ஒன்றுமில்லை, ஐ-உயிரணுக்களுக்கு வேலையில்லை, பை சுருங்கவில்லை. 24-ஆம் நாள் ஸ்கேனில் பை 6.5 × 4 × 4 செ.மீ. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி 0.52-ஆல் பெருக்கினால் 54 மி.லி. உள்ளே அசைந்தாடும் சேற்றுப்படிவு. இது எதிர்பார்த்ததே. முழு ஊட்ட டிரிப்பில் இருந்தவர்களை வாரந்தோறும் ஸ்கேன் செய்த பிரெஞ்சு ஆய்வொன்று 1983-இல் வெளியானது. ஆறு வாரம் தாண்டியவர்கள் எல்லோரிடமும் படிவு இருந்தது. வாய்வழி உணவு தொடங்கிய நான்கு வாரத்தில் அது மறைந்தது. (அந்தச் சமயத்தில் செஃப்ட்ரையாக்சோன் ஊசி ஓடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அது கால்சியத்துடன் சேர்ந்து பையில் படிந்து கல்போலவே தெரியும்.)

இவரிடம் மறையவில்லை. காரணம், அவருக்கு எழுதிக் கொடுத்த உணவு. எண்ணெய்ப் பேதிக்காகச் சாதாரணக் கொழுப்பை நாளுக்கு 12 கிராமாக இறுக்கி, அதையும் மூன்று வேளைக்குப் பிரித்து, எஞ்சிய கலோரியை, எட்டு, பத்து கார்பன் கொண்ட இடைச்சங்கிலிக் கொழுப்பான எம்.சி.டி. எண்ணெயில் தந்தார்கள். இடைச்சங்கிலிக் கொழுப்புக்குப் பித்த உப்பு அதிகம் வேண்டாம், நேரே போர்ட்டல் இரத்தத்துக்குப் போய்விடும். பேதிக்கு அது சரியான மருந்து. ஆனால் அதே காரணத்தால் அது சி.சி.கே.யையும் எழுப்பாது. எம்.சி.டி. கலந்த கஞ்சிக்கு முன்னும் 45 நிமிடம் பின்னும் அளந்ததில் பை 48 மி.லி.யிலிருந்து 41-க்கே இறங்கியது, 15 விழுக்காடு. குடலைக் காப்பாற்றிய உணவு பையைத் தேங்க வைத்தது.

தேங்காய் எண்ணெயே எம்.சி.டி. எண்ணெய்தானே என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். அல்ல. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம், அது 12 கார்பன். எட்டும் பத்தும் சேர்ந்து ஏறத்தாழ 15 விழுக்காட்டைத் தாண்டாது. லாரிக் சி.சி.கே.யை விடுவிக்கும். அதனால் இவ்விஷயத்தில் தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெயின் பக்கமே நிற்கிறது. மருந்துக்கடையில் வரும் எம்.சி.டி. எண்ணெய் பெரும்பாலும் எட்டும் பத்துமே கொண்ட வேறு சரக்கு.

மாற்றியது என்ன

கோலஸ்டைரமைன் நிறுத்தப்பட்டது. சாதாரணக் கொழுப்பு 12-லிருந்து 35 கிராமாக உயர்ந்தது, ஆனால் சம அளவாகப் பிரிக்கப்படவில்லை. 15 கிராம் காலை உணவிலேயே: இரண்டு முட்டை (10 கிராம்), இட்லிக்கு ஒரு சிறு கரண்டி நல்லெண்ணெய் (5 கிராம்). பையைச் சுருக்க ஒருவேளைக்கு 10 கிராம் அளவே போதும் என்பதால் இது தாராளம். காலையைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவில் சேமித்த பித்த உப்பு அப்போதுதான் அதிகம் இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் பாதிக்கு மேல் இழந்துகொண்டே போவதால் இரவு உணவுக்கு இருப்பு மெலிந்துவிடும். இரவுச் சாப்பாட்டில் கொழுப்பு 8 கிராமுக்குள் வைக்கப்பட்டது. எம்.சி.டி. 5 மி.லி.யில் தொடங்கி, வயிறு உப்பாததைப் பார்த்து, வேளைக்கு 15 மி.லி.வரை உயர்த்தப்பட்டது. வேகமாக உயர்த்தினால் அதுவே பேதியை உண்டாக்கும். உணவுக்கு அரைமணி முன், குடல் ஓட்டத்தை மெதுவாக்கும் லோபரமைட் 4 மி.கி.

கால்சியம் மாத்திரை ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டோடு தரப்பட்டது. கரையாத கொழுப்பு அமிலம் குடலில் கால்சியத்தைக் கட்டிக்கொண்டால் ஆக்சலேட் தனித்து நின்று பெருங்குடல் வழியே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகக் கல்லாகும். பெருங்குடலில் பெரும்பகுதி மிச்சமிருப்பதால்தான் இவருக்கு இந்த அபாயம். மாத்திரையைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி கழித்துப் போட்டால் அந்த வேலைக்குப் பயன்படாது. பி12 உறிஞ்சும் இடமும் போய்விட்டதால் மாதம் ஒருமுறை 1000 மைக்ரோகிராம் ஊசி, வாழ்நாள் முழுதும்.

மூன்று வாரம் கழித்து ஸ்கேன். வெறும் வயிற்றில் 30 மி.லி., அதே காலை உணவுக்கு 45 நிமிடம் பின் 11 மி.லி. 63 விழுக்காடு வெளியேற்றம். சேற்றுப்படிவு இல்லை. 38 விழுக்காட்டுக்குக் கீழே குறை என்ற வரம்பு, சி.சி.கே.யைப் போல வேலை செய்யும் சின்கலைடு மருந்தை ஒரு மணிநேரம் மெல்ல ஏற்றிச் செய்யும் அணுக்கதிர் ஸ்கேனுக்கானது. உணவு தந்து செய்யும் ஒலி ஸ்கேனுக்கு அதை அப்படியே ஒட்டக்கூடாது. இங்கே ஒரே முறையில் எடுத்த 15-க்கும் 63-க்கும் இடையிலான வேறுபாடுதான் பொருளுள்ளது.

மலம் நாளுக்கு மூன்று முறை, 35 கிராம் உண்டதில் 11 கிராம் வெளியே. 31 விழுக்காடு. முன்பிருந்த 40-ஐவிடக் குறைவு, ஆனால் இயல்பு அல்ல, இயல்பாகப் போவதும் இல்லை. எட்டு வாரத்தில் 3 கிலோ ஏறினார்.

பையின் அடியில் 4 மி.மீ. கல் ஒன்று மட்டும் தங்கிவிட்டது. கடைச்சிறுகுடல் போனவர்களின் கல் கொலஸ்டிரால் கல் என்றே பழைய பாடங்கள் சொல்லும், கல்லைக் கரைக்க உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் எழுதுவதும் அந்த நம்பிக்கையில்தான். இவர்களில் பலரிடம் உருவாவது கருநிறமிக் கல். பெருங்குடலுக்குள் வழிந்த பித்த உப்பு அங்குள்ள பித்த நிறமியான பிலிருபினைக் கரைத்து உறிஞ்சவைக்கிறது. அது கல்லீரலுக்குத் திரும்பிப் பித்தநீரில் பிலிருபினின் செறிவை உயர்த்துகிறது. அந்தக் கல் உர்சோவில் கரையாது. வலி இல்லாததால் இவருக்கு அறுவை பரிந்துரைக்கப்படவில்லை. கொழுப்புள்ள காலை உணவுக்குப் பின் அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வலது விலாவின் கீழ் தொடங்கி, நிலையாக நின்று, தோளுக்குப் பரவும் வலி வந்தால் மட்டும் உடனே வரச் சொல்லி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் 24 மணிநேரச் சிறுநீரில் ஆக்சலேட் அளவும் எழுதித் தரப்பட்டன.